நிமோனியா வந்தால் வீட்டிலா, மருத்துவமனையிலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது மருத்துவமனைக்கு வெளியே, அன்றாட வாழ்க்கையில் இருக்கும்போது தொற்றிக்கொள்ளும் நிமோனியாவைப் பற்றி. அதிலும் பெரியவர்களுக்கு வருவதைப் பற்றி மட்டும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பது வேறு பேச்சு. இன்று இரவு நோயாளி எங்கே படுக்க வேண்டும் என்ற ஒரே கேள்விதான் இங்கே.

எக்ஸ்-ரேயில் நிமோனியா என்று வந்துவிட்டது. உடனே அட்மிட் ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. நிமோனியா வந்தவர்களில் கணிசமானவர்கள் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார்கள். எக்ஸ்-ரே நோய் இருக்கிறதா என்பதைச் சொல்லும். அந்த நோயை உடம்பு எப்படித் தாங்குகிறது என்பதை அது பெரும்பாலும் சொல்லாது. ஒரு பக்கம் பெரிதாக வெள்ளை படர்ந்திருந்தும் சாப்பிட்டுக்கொண்டு, நடந்துகொண்டு இருப்பவர்கள் உண்டு. சின்னத் திட்டு மட்டும் தெரிய, மூச்சு வாங்கித் தவிப்பவர்களும் உண்டு.

அதனால் டாக்டர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இவருடைய உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பது ஒன்று. அதற்குத்தான் மதிப்பெண் முறைகள் இருக்கின்றன. வீட்டில் கொடுக்க முடியாத ஏதாவது இவருக்கு இன்று தேவைப்படுகிறதா என்பது இன்னொன்று. ஆக்சிஜன், நரம்பு வழியாக மருந்து, சலைன், மணிக்கொரு முறை யாராவது வந்து பார்ப்பது, இப்படி. இந்த இரண்டாவது கேள்விக்கு மதிப்பெண்ணில் விடை இல்லை. இந்தப் பக்கத்தில் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல், முதல் கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் எடுத்துக்கொள்வதால் வருபவை.

கர்ப்-65 என்று ஒரு மதிப்பெண் சொன்னார்கள். அதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

புதிதாக மனக்குழப்பம் வந்திருக்கிறதா? ரத்தத்தில் யூரியா லிட்டருக்கு 7 மில்லிமோலுக்கு மேல் இருக்கிறதா? நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு விடுகிறாரா? ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழ், அல்லது கீழ் எண் 60 அல்லது அதற்கும் குறைவாக இருக்கிறதா? வயது 65 அல்லது அதற்கு மேலா?

பிரிட்டன், நியூசிலாந்து, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் மருத்துவமனைக்கு வந்த ஆயிரத்துச் சொச்சம் நோயாளிகளின் விவரங்களிலிருந்து இதை உருவாக்கி, 2003-இல் வெளியிட்டார்கள். அந்த நோயாளிகளில் 0 அல்லது 1 பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 100-க்கு 1.5 பேர். 2 பெற்றவர்களில் 9 பேர். 3-உம் அதற்கு மேலும் பெற்றவர்களில் 22 பேர். அதனால் 0, 1 என்றால் பொதுவாக வீடு, 2 என்றால் மருத்துவமனையில் குறுகிய காலமாவது பார்ப்பது, 3 அல்லது அதற்கு மேல் என்றால் தீவிர நோய் என்று பிரிக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் யூரியாவை விட்டுவிட்டு மீதி நான்கை மட்டும் பார்ப்பார்கள். அதில் ஒரே ஒரு மதிப்பெண் வந்தாலே மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று யோசிக்க வேண்டும்.

கணக்கில் எது இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆக்சிஜன் அளவு இல்லை. நுரையீரல் நோய் தொடர்பான மதிப்பெண்ணில் அது இல்லாதது பலருக்கும் வியப்பாக இருக்கும். கீழே வரும் ஓர் உதாரணம் முழுக்க இதைப் பற்றியதுதான்.

யூரியா 38 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இணையத்தில் போட்டுப் பார்த்தால் 20-க்கு மேல் என்றாலே ஒரு மதிப்பெண் என்கிறது. அப்படியானால் ஆபத்தா?

இல்லை, இது அலகுகளால் வரும் தவறு. அடிக்கடி நடக்கிறது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே பொருளை ஆய்வகங்கள் இரண்டு விதமாக அளந்து எழுதுகின்றன. சில இடங்களில் பிளட் யூரியா, அதாவது யூரியா மூலக்கூறின் முழு எடை. வேறு சில இடங்களில் பி.யூ.என்., அதாவது அந்த யூரியாவில் இருக்கும் நைட்ரஜனின் எடை மட்டும். யூரியாவின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் நைட்ரஜன் இருக்கிறது. அதனால் ஒரே ரத்தத்துக்கு பிளட் யூரியா 42 என்றால் பி.யூ.என். கிட்டத்தட்ட 20. இரண்டுமே ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் எழுதப்படும் என்பதால் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது.

கர்ப்-65 கேட்கும் 7 மில்லிமோல் என்பது பிளட் யூரியாவில் 42 மில்லிகிராம். உங்கள் ரிப்போர்ட்டில் பிளட் யூரியா 38 என்று இருந்தால் அது எல்லைக்குள் இருக்கிறது, மதிப்பெண் பூஜ்யம். அதே 38 பி.யூ.என். என்று இருந்தால் எல்லையை நன்றாகவே தாண்டிவிட்டது, மதிப்பெண் ஒன்று. எண்ணைப் படிப்பதற்கு முன் அதன் பெயரைப் படிக்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருப்பவருக்கு யூரியா எப்போதுமே கூடுதலாக இருக்கும். பழைய ரிப்போர்ட் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதிப்பெண்ணைக் குறைப்பதற்காக இல்லை, இன்று புதிதாக என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

பி.எஸ்.ஐ. என்று இன்னொன்று இருக்கிறதாமே, அது இதைவிட நல்லதா?

வீட்டுக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு அது கொஞ்சம் நல்லது. 2019-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், டாக்டரின் கணிப்போடு சேர்த்து ஒரு மதிப்பெண்ணைப் பயன்படுத்தச் சொல்கிறது. இரண்டில் எது என்றால் பி.எஸ்.ஐ.க்கு முன்னுரிமை தருகிறது.

1997-இல் வெளியான இந்த முறை 20 விஷயங்களைப் பார்த்து நோயாளியை ஐந்து வகுப்புகளில் ஒன்றில் வைக்கிறது. வயது 50-க்குள், புற்றுநோய், கல்லீரல் நோய், இதயச் செயலிழப்பு, பக்கவாதம், சிறுநீரக நோய் எதுவும் இல்லை, நாடித்துடிப்பு, மூச்சு, அழுத்தம், வெப்பம், நினைவு எல்லாம் எல்லைக்குள் என்றால் பரிசோதனையே இல்லாமல் முதல் வகுப்பு. மற்றவர்களுக்குக் கூட்டல் கணக்கு. ஆணுக்கு வயதே மதிப்பெண், பெண்ணுக்கு வயதில் பத்தைக் கழிக்க வேண்டும். அதன் மேல் ஒவ்வொரு நோய்க்கும், ஒவ்வொரு மாறுதலுக்கும் 10, 20, 30 என்று ஏறும். 70 வரை இரண்டாம் வகுப்பு, 90 வரை மூன்றாம் வகுப்பு, 130 வரை நான்காம் வகுப்பு, அதற்கு மேல் ஐந்தாம் வகுப்பு. முதல் இரண்டு வகுப்புகள் பொதுவாக வீட்டுக்கு, நான்கும் ஐந்தும் மருத்துவமனைக்கு. மூன்றாவது இடைப்பட்டது.

இதன் பலவீனமும் வயதில்தான் இருக்கிறது. ஒரு முதிய ஆணுக்கு 95 வயது, வேறு ஒரு கோளாறும் இல்லை என்றாலும் அவர் நான்காம் வகுப்பு. எதிர்ப்புறத்தில் இளம் வயதுக்காரர் மோசமாக இருந்தாலும் எண்ணிக்கை எளிதில் ஏறாது. ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனால் இந்தக் கணக்கில் 10 கிடைக்கிறது. பத்து வயது கூடினாலும் அதே 10-தான். இறப்பைக் கணிக்கும் ஒரு சூத்திரத்துக்கு அது சரியாக இருக்கலாம். இன்று இரவு ஆக்சிஜன் தேவைப்படுகிற ஒருவருக்கு அது பொருந்தாது.

எனக்கு 38 வயது, மதிப்பெண் பூஜ்யம் என்று அவர்களே சொன்னார்கள். அப்புறம் ஏன் அட்மிட் ஆகச் சொல்கிறார்கள்?

உங்கள் எண்கள் என்னிடம் இல்லை. ஆனால் இதே நிலையில் வரும் ஒருவரை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

38 வயது ஆண். வேறு நோய் எதுவும் இல்லை. நான்கு நாளாகக் காய்ச்சல், இருமல், வலது பக்கம் மூச்சை இழுத்தால் குத்துகிறது. தன் காலால் நடந்து வந்து உட்கார்ந்தார். தெளிவாகப் பேசுகிறார், ஆனால் ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் ஒரு மூச்சு எடுத்துக்கொள்கிறார். வெப்பம் 39.2 டிகிரி செல்சியஸ். நாடித்துடிப்பு 118. மூச்சு நிமிடத்துக்கு 26. ரத்த அழுத்தம் 112-க்கு 70. பிளட் யூரியா 30. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரில் 88.

கர்ப்-65 போடுங்கள். குழப்பம் இல்லை. யூரியா 42-க்குக் கீழ். மூச்சு 30-ஐத் தொடவில்லை. அழுத்தம் சரி. வயது 65 இல்லை. மொத்தம் பூஜ்யம்.

பி.எஸ்.ஐ. போடுங்கள். வயது 50-க்குள், பழைய நோய் இல்லை, நாடித்துடிப்பு 125-க்குக் கீழ், மூச்சு 30-க்குக் கீழ், வெப்பம் 40-க்குக் கீழ். முதல் வகுப்பு. முதல் வகுப்பில் வைப்பதற்கு ஆக்சிஜனைக் கேட்கவே மாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். சரி, வம்படியாக முழுக் கணக்கும் போட்டால்? வயதுக்கு 38, ஆக்சிஜனுக்கு 10, மொத்தம் 48. அப்போதும் இரண்டாம் வகுப்புதான்.

இரண்டு முறைகளும் வீட்டுக்குப் போகச் சொல்கின்றன. ஆனால் இவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

காரணம் இதுதான். நுரையீரலின் ஒரு பகுதியில் காற்றறைகள் சீழும் நீருமாக நிறைந்திருக்கின்றன. ரத்தம் அந்தப் பகுதி வழியாகவும் ஓடுகிறது, ஆனால் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளாமலே இதயத்துக்குத் திரும்புகிறது. மீதி நுரையீரல் வேகமாக மூச்சு விட்டு ஈடுகட்டப் பார்க்கிறது, இதயம் வேகமாகத் துடித்துத் துணை நிற்கிறது. இளம் உடம்பு இதை நன்றாகவே செய்யும். அழுத்தம் விழாது, குழப்பம் வராது, யூரியா ஏறாது. அந்த அறிகுறிகள் எல்லாம் ஈடுகட்டும் சக்தி தீர்ந்த பிறகு வருபவை. மதிப்பெண்கள் பெரும்பாலும் அந்தப் பிந்திய கட்டத்தைத்தான் எண்ணுகின்றன. இவர் அதற்கு முந்திய படியில் நிற்கிறார். மூச்சு 26, நாடி 118, ஆக்சிஜன் 88 ஆகிய மூன்றும் சேர்ந்து அதைச் சொல்கின்றன.

மதிப்பெண் பொய் சொல்லவில்லை. பூஜ்யம் பெற்றவர்களில் இறப்பவர் மிகக் குறைவு என்பது உண்மை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் மருத்துவமனைக்கு வந்து, தேவையான சிகிச்சை கிடைத்தவர்கள் என்பதும் உண்மை. ஆக்சிஜன் தேவைப்பட்டவருக்கு அங்கே ஆக்சிஜன் கொடுத்தார்கள். இறப்பு குறைவு என்ற அந்த எண்ணைக் காட்டி, ஆக்சிஜனே கொடுக்க முடியாத இடத்துக்கு ஒருவரை அனுப்ப முடியாது.

அம்மாவுக்கு 72 வயது. மதிப்பெண் 2 வந்தும் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அலட்சியமா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. இதற்கும் ஓர் உதாரணம் பார்ப்போம், முந்தியதற்கு நேர்மாறானது.

72 வயதுப் பெண். பல வருடங்களாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி ஆரோக்கியம். மூன்று நாளாக இருமலும் காய்ச்சலும். வெப்பம் 38.3. நாடி 96. மூச்சு 22. அழுத்தம் 128-க்கு 58. பிளட் யூரியா 36. ஆக்சிஜன் 95. நினைவு தெளிவாக இருக்கிறது, காலையில் கஞ்சி குடித்தார், வாந்தி இல்லை. மகள் கூடவே இருக்கிறார்.

கர்ப்-65-இல் வயதுக்கு ஒன்று, கீழ் அழுத்தம் 60-க்குக் குறைவாக இருப்பதால் ஒன்று. மொத்தம் 2. பட்டியல்படி மருத்துவமனை.

இப்போது அந்த இரண்டையும் தனித்தனியாகக் கையில் எடுத்துப் பாருங்கள். வயது இன்று வந்த மாற்றம் இல்லை. கீழ் எண் 58 எப்படி வந்தது? வயதாக ஆக ரத்தக்குழாய்கள் விறைப்பதால் மேல் எண் ஏறி, கீழ் எண் இறங்குவது சாதாரணம். மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். போன மாதச் சீட்டில் 132-க்கு 60 என்று எழுதியிருந்தால் இன்றைய 58 செய்தியே இல்லை. மேல் எண் 128, கை கால் வெதுவெதுப்பாக இருக்கிறது, சிறுநீர் வழக்கம்போலப் போகிறது. இது அதிர்ச்சி நிலை இல்லை.

பி.எஸ்.ஐ. போட்டால் 72-இலிருந்து 10 போக 62. வேறு எதற்கும் மதிப்பெண் இல்லை. இரண்டாம் வகுப்பு, வீடு. ஒரே நோயாளியை இரண்டு முறைகளும் எதிரெதிர்ப் பக்கம் அனுப்புகின்றன. இந்த இடத்தில் எந்த முறை பெரியது என்று வாதிடுவதில் பயனில்லை. மதிப்பெண்ணின் ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால் முடிவு தானே தெரிந்துவிடும். இவரை வீட்டுக்கு அனுப்பலாம், 48 மணி நேரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இப்போது ஒரே ஒரு விஷயத்தை மாற்றுகிறேன். எல்லா எண்களும் அப்படியே இருக்கட்டும். ஆனால் இவர் தனியாக வசிக்கிறார், நேற்றிலிருந்து எது சாப்பிட்டாலும் வாந்தி. மதிப்பெண் மாறவில்லை, முடிவு மாறிவிட்டது. மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் சிகிச்சையே நடக்கவில்லை. இரவில் மோசமானால் கவனிக்க ஆள் இல்லை. இவரைச் சேர்க்க வேண்டும்.

இதே 2 வேறு வழியாக வந்திருந்தால்? உதாரணமாக 50 வயதுக்காரருக்கு மூச்சு 32, பிளட் யூரியா 60. அதுவும் 2-தான். ஆனால் இரண்டு புள்ளியுமே இன்றைய நோயினால் வந்தவை. அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். 2 என்ற எண்ணுக்குள் இப்படி வேறு வேறு மனிதர்கள் இருக்கிறார்கள்.

மூச்சை எண்ணுவது அவ்வளவு முக்கியமா? பார்த்தாலே தெரியாதா?

முக்கியம், பார்த்துத் தெரியாது. ஆக்சிஜன், அழுத்தம், நாடி எல்லாவற்றையும் கருவி சொல்லிவிடுகிறது. மூச்சை மட்டும் மனிதர்தான் எண்ண வேண்டும். அதனால் அவசரத்தில் அது ஊகமாகப் பதிவாகிறது. ஒரு வார்டில் எல்லா நோயாளிக்கும் 18, 20 என்று எழுதியிருந்தால் யாருக்கும் எண்ணவில்லை என்று அர்த்தம்.

முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரே ஒரு மூச்சுத் தவறு நான்காகிவிடும். 28-க்கும் 32-க்கும் நடுவில் ஒரு மதிப்பெண் இருக்கிறது. எண்ணுவதாகச் சொல்லவும் கூடாது, சொன்னால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பாருங்கள். வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது எளிது, அவர் தூங்கும்போது எண்ணலாம்.

ஆக்சிமீட்டரில் எத்தனைக்குக் கீழே போனால் கிளம்ப வேண்டும்?

நுரையீரல் ஏற்கெனவே நன்றாக இருந்தவருக்கு, ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது 90-க்குக் கீழ் என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், கிளம்புங்கள். 90, 91 என்றாலும் மருத்துவமனைதான் பாதுகாப்பு. கனடாவின் எட்மண்டனில் வெளிநோயாளிகளாகச் சிகிச்சை பெற்ற நிமோனியா நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, 2011-இல் வெளியானது, 90 என்ற எல்லையைவிட 92 என்ற எல்லை பாதுகாப்பானது என்று கண்டது. நானும் 92-ஐத்தான் பின்பற்றுகிறேன்.

நாட்பட்ட சுவாசத்தடை நோய் இருப்பவர்களில் சிலருக்கு நல்ல நாளிலேயே 89, 90 இருக்கும். அவர்களுக்கு அவர்களுடைய வழக்கமான எண்தான் அளவுகோல்.

கருவியை நம்புவதிலும் நிதானம் வேண்டும். விரல் சில்லென்று இருந்தால், நகப்பூச்சு இருந்தால், கை அசைந்தால் எண் தவறும். நாடித்துடிப்பு எண்ணும் திரையில் வருமே, அதைக் கையால் எண்ணிய நாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் தெரிந்த விஷயம். அதனால் 92, 93 என்று எல்லையில் நிற்கும்போது நோயாளி மூச்சு வாங்கினால், நான் எண்ணை விட்டுவிட்டு நோயாளியை நம்புவேன்.

இப்படி எல்லையில் இருப்பவரை அறைக்குள்ளேயே கொஞ்ச தூரம் நடக்க வைத்துப் பார்ப்பதும் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது 94, கழிப்பறை வரை போய் வந்ததும் 88 என்றால் வீட்டில் அவர் நாள் முழுக்க எப்படி இருப்பார் என்று தெரிந்துவிடுகிறது. இதற்கு மதிப்பெண் எதுவும் இல்லை, ஆனால் என் முடிவைப் பலமுறை மாற்றியிருக்கிறது.

அப்பாவுக்குக் காய்ச்சலே இல்லை, இருமலும் குறைவு. ஆனால் நேற்றிலிருந்து ஒருமாதிரி இருக்கிறார். இதைப் போய்ச் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள், முதலில் அதையே சொல்லுங்கள். வயதானவர்களுக்கு நிமோனியா காய்ச்சல் இல்லாமலே வரும். சாப்பாட்டை ஒதுக்குவது, கீழே விழுவது, பகலெல்லாம் தூங்குவது, சம்பந்தமில்லாமல் பேசுவது இவையே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

மனக்குழப்பத்தை அளக்க டாக்டர்கள் பத்துக் கேள்விகள் கேட்பார்கள். வயது என்ன, இப்போது மணி என்ன, இது எந்த இடம், 20-இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், இந்த மாதிரி. எட்டு அல்லது அதற்குக் குறைவாகச் சரியாகச் சொன்னால் குழப்பம் என்று கணக்கு. ஆனால் ஏற்கெனவே மறதி நோய் இருப்பவர் நல்ல நாளிலும் ஐந்துதான் சொல்வார். சிறிது நேரம் தெளிவாக, அப்புறம் மறுபடி குழம்பி இருப்பவரை டாக்டர் தெளிவான நேரத்தில் பார்த்துவிடலாம். போன வாரம் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று சொல்லக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். "செய்தித்தாள் படிப்பார், நேற்று தலைகீழாகப் பிடித்திருந்தார்" என்ற ஒரு வாக்கியம் அந்தப் பத்துக் கேள்விகளைவிட எனக்கு உதவும்.

கர்ப்பமாக இருக்கும்போது நிமோனியா வந்தால் இதே மதிப்பெண்தானா?

இல்லை. இந்த முறைகள் கர்ப்பிணிகளுக்காகச் சரிபார்க்கப்பட்டவை இல்லை. இளம் வயது என்பதால் எப்போதும் குறைவாகவே காட்டும். கர்ப்பத்தில் ஆக்சிஜன் 95-க்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டும். எச்.ஐ.வி. இருப்பவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்றத்துக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கும் இந்தக் கணக்கு வேண்டாம்.

மதிப்பெண் அதிகம் என்றால் ஐ.சி.யூ. என்று அர்த்தமா?

அது தனிக் கேள்வி. 95 வயது முதியவர் பி.எஸ்.ஐ.யில் நான்காம் வகுப்பு என்று பார்த்தோம், அவருக்கு ஐ.சி.யூ. தேவையில்லை. அதற்கு வேறு அடையாளங்களைப் பார்க்கிறார்கள். செயற்கைச் சுவாசமோ, அழுத்தத்தை ஏற்றும் மருந்தோ தேவைப்பட்டால் பேச்சுக்கே இடமில்லை. அது இல்லாவிட்டாலும் மூச்சு 30 அல்லது அதற்கு மேல், ஒன்றுக்கு மேற்பட்ட நுரையீரல் மடல்களில் நிமோனியா, வெள்ளணுக்கள் 4000-க்குக் கீழ், தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ், வெப்பம் 36-க்குக் கீழ், குழப்பம் போன்ற பட்டியலில் மூன்று சேர்ந்தால் தீவிர நிமோனியா என்று எடுத்துக்கொள்வார்கள். வெள்ளணு குறைவதைப் பார்த்து "அதிகமாகவில்லையே, நல்லதுதான்" என்று நினைத்துவிட வேண்டாம். கடுமையான தொற்றில் அது குறைவது கெட்ட அறிகுறி.

எதற்கு வம்பு, பாதுகாப்புக்கு எல்லோரையுமே சேர்த்துவிடலாமே?

சேர்ப்பதிலும் ஆபத்து இருக்கிறது. படுத்தே இருந்தால் முதியவருக்குச் சில நாளிலேயே கால் தசை வலு குறைகிறது. புதிய இடம், இரவு வெளிச்சம், தூக்கமின்மை ஆகியவை சேர்ந்து மனக்குழப்பத்தைக் கொண்டுவரும். கையில் குத்திய ஊசி வழியாகவும், பக்கத்துப் படுக்கையிலிருந்தும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தொற்றலாம்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது சரியாக வருமா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயினில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், பி.எஸ்.ஐ. இரண்டாம், மூன்றாம் வகுப்பு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வீட்டுக்கும் பாதிப் பேரை மருத்துவமனைக்கும் அனுப்பினார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்தவர்கள், வாய்வழியாகச் சாப்பிட முடியாதவர்கள், மார்புக்கூட்டில் சிக்கலான நீர்க்கோப்பு உள்ளவர்கள் போன்றோரை முன்பே விலக்கிவிட்டார்கள். முடிவெடுக்கும் வேலையில் பாதி அந்த விலக்கலில் நடந்துவிட்டது.

கனடாவில் 19 மருத்துவமனைகளில் நடந்த இன்னோர் ஆய்வு 2000-இல் வந்தது. பி.எஸ்.ஐ.யைப் பின்பற்றச் சொன்ன இடங்களில், ஆபத்துக் குறைந்த நோயாளிகளில் சேர்க்கப்பட்டவர்கள் 31 சதவீதம், மற்ற இடங்களில் 49 சதவீதம். அந்த 31-ஐப் பாருங்கள். மதிப்பெண்ணைப் பின்பற்றிய இடங்களிலேயே, ஆபத்துக் குறைவு என்று அது சொன்னவர்களில் மூன்றில் ஒருவரை டாக்டர்கள் சேர்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போது திரும்ப ஓட வேண்டும், எப்போது பொறுமையாக இருக்கலாம்?

மாத்திரை ஆரம்பித்த முதல் இரண்டு, மூன்று நாள் காய்ச்சல் தொடரலாம், அதனால் மட்டும் பயப்பட வேண்டாம். 48 மணி நேரத்தில் ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்கள், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் காட்டுங்கள். மூன்று நாள் கழிந்தும் காய்ச்சல் இறங்கவே இல்லை, அல்லது இறங்கி மறுபடி ஏறுகிறது என்றால் மார்புக்கூட்டில் சீழ் சேர்ந்திருக்கலாம், மருந்து கிருமிக்குப் பொருந்தாமல் இருக்கலாம், அல்லது நிமோனியாவே இல்லாமல் வேறு நோயாக இருக்கலாம். மறுபடி எக்ஸ்-ரே எடுக்க வேண்டிய நேரம் அது.

காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டியவை வேறு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, பேச்சு வார்த்தை வார்த்தையாக உடைவது, உதடு நீலம் பாய்வது, ஆக்சிஜன் 92-க்குக் கீழ் இறங்குவது, குழப்பம் அல்லது எழுப்பினாலும் சரியாக விழிக்காதது, சிறுநீர் மிகக் குறைவது, மாத்திரையை வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பது. இவற்றில் ஒன்று போதும்.

களைப்பும் இருமலும் மட்டும் நெடுநாள் நிற்கும். ஒரு வாரத்தில் காய்ச்சல் போயிருக்க வேண்டும். ஆறு வாரத்தில் இருமலும் மூச்சிரைப்பும் நன்றாகக் குறைந்திருக்கும். பழைய தெம்பு முழுதும் வர மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் ஆகலாம். மூன்றாவது வாரத்தில் மாடிப்படி ஏறினால் இளைக்கிறது என்பதற்காக யாரையும் அட்மிட் செய்ய மாட்டார்கள். நேற்று ஏறிய படியை இன்று ஏற முடியவில்லை என்றால் மட்டும் வாருங்கள்.